ஒரே ஒரு முறை மட்டும்: ஹெக்சேன்–ஹெப்டேன் ஆவியைப் பிடித்துப் பார்த்த அனுபவம்

இரண்டு திரவங்களைக் கலந்து கொதிக்க வைத்தால் மேலே எழும் ஆவியில் எந்தத் திரவம் எவ்வளவு இருக்கும்? வேதியியல் பாடத்தில் இதற்கு ஒரு வரியில் விடை உண்டு. ரௌல்ட் விதியைப் போட்டு, டால்டன் விதியால் வகுத்தால் எண் வந்துவிடும். பத்து வருடமாக அந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆவியை உண்மையிலேயே பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறைகூட அளந்து பார்த்ததில்லை. போன பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "மேடம், ஆவிக்கு நீங்க போடுற இந்த எண் யாராவது அளந்ததா, இல்ல கணக்குல வர்றதா?" என்று கேட்டாள். சரி, அளந்தே பார்ப்போம் என்று இறங்கினோம். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஏழு வாரம் இழுத்தது. அந்த ஏழு வாரத்தில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியின் ஆய்வகத்தில்தான் எல்லாம் நடந்தது. ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

முதலில் எந்த ஜோடி என்று முடிவு செய்ய வேண்டும். பாடநூலில் வருவது பென்சீன்–டொலுயீன். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், மாணவர்களோடு மணிக்கணக்கில் கொதிக்க வைக்க எனக்கு மனமில்லை. தவிர அந்த இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் மிக நெருக்கம், கலவையில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எத்தனால்–தண்ணீர் நல்லியல்புக் கரைசலே இல்லை. அதில் ரௌல்ட் விதி போட்டால் விடை தப்பாகத்தான் வரும். நாங்கள் எடுத்தது நார்மல் ஹெக்சேனும் நார்மல் ஹெப்டேனும். ஆறு கார்பன் சங்கிலி ஒன்று, ஏழு கார்பன் சங்கிலி ஒன்று. ஒரு ஹெக்சேன் மூலக்கூறைச் சுற்றி ஹெக்சேன் இருந்தாலும் ஹெப்டேன் இருந்தாலும் அதை இழுத்துப் பிடிக்கும் விசை ஏறக்குறைய ஒன்றுதான். நல்லியல்பு என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வரும் ஜோடி கிடைப்பது அரிது.

ஹெக்சேனும் சாதுவான திரவம் அல்ல. அதன் ஆவி அறை வெப்பத்திலேயே தீப்பிடிக்கும், பல நாள் தொடர்ந்து சுவாசித்தால் கை கால் நரம்புகளைப் பாதிக்கும். அதனால் வேலை முழுவதும் ஆவி உறிஞ்சும் பெட்டிக்குள் நடந்தது. பர்னர் கிடையாது, ரெகுலேட்டர் வைத்த ஹீட்டிங் மேண்டில் மட்டும்தான்.

கணக்கு சொல்வது

பிரெஞ்சு வேதியியலாளர் ரௌல்ட் 1880களில் அளந்து கண்ட விதி எளிமையானது. கலவையின் மேல் ஒரு திரவம் தரும் ஆவியழுத்தம், அது தனியாக இருந்தால் தரும் ஆவியழுத்தத்தை அதன் மோல் பின்னத்தால் பெருக்கினால் வருவது. மோல் பின்னம் என்றால் மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கு. இரண்டின் பங்கையும் கூட்டினால் மொத்த அழுத்தம். அந்த மொத்தத்தில் ஹெக்சேன் தருவது எத்தனை பங்கோ, ஆவியிலும் ஹெக்சேன் அத்தனை பங்கு.

```
P = x·P1 + (1 − x)·P2
y = x·P1 / P
```

இதில் x திரவத்தில் ஹெக்சேனின் மோல் பின்னம், y ஆவியில் அதன் மோல் பின்னம். P1, P2 என்பவை அந்த வெப்பநிலையில் தனி ஹெக்சேன், தனி ஹெப்டேனின் ஆவியழுத்தம். அவற்றைப் பெற ஆன்ட்வான் சமன்பாடு இருக்கிறது. வெப்பநிலை செல்சியஸில், அழுத்தம் மி.மீ. பாதரசத்தில்:

```
log10 P1 = 6.87601 − 1171.17 / (t + 224.41)
log10 P2 = 6.89677 − 1264.90 / (t + 216.54)
```

25 டிகிரியில் இது ஹெக்சேனுக்கு 151, ஹெப்டேனுக்கு 46 தருகிறது. பாதிக்குப் பாதி மோல் கலந்த ஒரு பாட்டிலை மூடி மேசை மேல் வைத்தால், உள்ளே ஹெக்சேன் 75.5-ம் ஹெப்டேன் 23-ம் தரும். மொத்தம் 98.5, அதில் ஹெக்சேன் பங்கு 0.77. திரவத்தில் பாதிதான் இருக்கிறது, ஆவியில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிறது. எளிதில் பறப்பது ஆவியில் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

கொதிக்க வைக்கும்போது கேள்வி கொஞ்சம் திரும்பிக்கொள்கிறது. அங்கே அழுத்தம் நம் கையில் இல்லை, வெளிக்காற்று எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு. மொத்த அழுத்தம் அதற்குச் சமமாக வரும் வெப்பநிலையை நாம் தேட வேண்டும். ஒரு வெப்பநிலையை வைத்துப் பார்ப்பது, கூட்டிப் பார்ப்பது, போதாவிட்டால் ஏற்றுவது. மாணவர்கள் கால்குலேட்டரில் நாலு தடவையில் பிடித்துவிட்டார்கள்.

இங்கே ஒரு மாணவன் நல்ல கேள்வி கேட்டான். எங்கள் ஊர் அழுத்தத்தில் ஹெக்சேன் 67.1-ல் கொதிக்கிறது, ஹெப்டேன் 96.7-ல் கொதிக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் நடுவில் 81.9 வர வேண்டாமா, ஏன் 78.8 வருகிறது? ரௌல்ட் விதியில் நேர்க்கோடாக இருப்பது அழுத்தம், அதுவும் வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது மட்டும். வெப்பநிலை ஏற ஏற ஆவியழுத்தம் ஒரே சீராக ஏறுவதில்லை, மேலே போகப் போக வேகமெடுக்கிறது. 81.9-ல் ஹெக்சேன் அவ்வளவு பலமாகத் தள்ளுவதால் மொத்தம் வெளி அழுத்தத்தைத் தாண்டிவிடும். அதனால் கலவை அதற்கு முன்பே கொதித்துவிடுகிறது, கொதிநிலைக் கோடு கீழே தொய்கிறது.

கருவி

ஆவியைப் பிடிக்க நாங்கள் வைத்தது ஒரு சுழற்சி வடிகலன். 250 மி.லி. குடுவையில் கலவை கொதிக்கும். ஆவி கழுத்து வழியே ஏறி, பக்கக் குழாயில் திரும்பி, குளிர்விப்பானில் திரவமாகும். அந்தத் திரவம் நேராகக் குடுவைக்குப் போகாமல் 5 மி.லி. கொள்ளும் ஒரு சின்னக் கிண்ணத்தில் விழும். கிண்ணம் நிறைந்ததும் வழிந்து குடுவைக்குத் திரும்பும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தில் இருப்பது, குடுவையிலிருந்து எழும் ஆவியின் கலவையாகவே நிலைத்துவிடும். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு துளி, குடுவையிலிருந்து ஒரு துளி. முதலாவது y, இரண்டாவது x. கிண்ணத்தையும் பக்கக் குழாயையும் ஊரில் கண்ணாடி ஊதும் ஒருவர் செய்துகொடுத்தார். கிண்ணத்தின் அடியில் துளி எடுக்க ஒரு சின்னக் குழாயும் வைத்தார். அது எங்களுக்குத் தோன்றாத யோசனை, பின்னால் மிகவும் உதவியது.

துளியில் எது எவ்வளவு என்று பார்க்க ஆபே ஒளிவிலகல்மானி. 25 டிகிரியில் ஹெக்சேனின் ஒளிவிலகல் எண் 1.3723, ஹெப்டேனுக்கு 1.3851. இரண்டுக்கும் நடுவே 0.0128 மட்டுமே. அதாவது நாலாவது தசமத்தில் ஒன்று தவறினால் கலவையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் தவறும். எங்கள் ஆய்வகம் மதியத்தில் 30 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஒளிவிலகல் எண் 0.0005 அளவுக்குக் குறையும், ஐந்து டிகிரி என்றால் மொத்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதனால் 25 டிகிரித் தண்ணீரைப் பம்ப் வைத்து, துளியை விடும் முப்பட்டகத்தைச் சுற்றி ஓடவிட்ட பிறகுதான் எதையும் அளந்தோம்.

ஒளிவிலகல் எண்ணைப் பார்த்து மோல் பின்னத்தைப் படிக்க உதவும் அளவுக்கோடும் நாங்களே வரைந்துகொண்டோம். இரு முனைகளுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டால் போதாது, ஏனென்றால் ஒளிவிலகல் எண் மோல் கணக்கில் நேராக மாறுவதில்லை, கனஅளவுக் கணக்கில்தான் கிட்டத்தட்ட நேராக மாறும். ஹெப்டேன் மூலக்கூறு கொஞ்சம் பெரியது, அதனால் கோடு லேசாக வளையும். பாதிக்குப் பாதியில் நேர்க்கோட்டை நம்பினால் மூன்று சதவீதம் தவறிப்போகும். எடை போட்டுக் கலந்த ஏழு மாதிரிகள் செய்தோம். பாதிக்குப் பாதிக்கு 50.10 கிராம் ஹெப்டேன், 43.09 கிராம் ஹெக்சேன். ஹெப்டேனை முதலில் ஊற்றி, ஹெக்சேனைக் கடைசியில் ஊற்றி உடனே மூட வேண்டும். மாற்றி ஊற்றினால் தராசின் எண் கண்ணெதிரே இறங்கும்.

ஒளிவிலகல்மானியில் இன்னொன்றைக் கவனித்தோம். முப்பட்டகத்தைத் திறந்து துளியை விட்டு, மெதுவாக மூடிப் பார்த்தபோது, இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெல்ல ஊர்ந்து, ஹெப்டேன் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கருவி கெட்டுவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்கச் சுத்தம் செய்தோம். கருவியில் கோளாறு இல்லை. அந்த மெல்லிய படலத்திலிருந்து ஹெக்சேன் முந்திக்கொண்டு பறந்துகொண்டிருந்தது. நாங்கள் அளக்க வந்த அதே விஷயம் முப்பட்டகத்தின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறது! அதன் பிறகு முப்பட்டகத்தை மூடியே வைத்து, பக்கத்துத் துளை வழியாகச் சொட்டுக்குழாயால் விட்டு, பத்து விநாடிக்குள் படித்தோம். கோடு ஊர ஆரம்பித்தால் அந்தத் துளியை விட்டுவிட்டு அடுத்தது.

அழுத்தம் எவ்வளவு?

கலவைக்குப் போகும் முன் தனித்தனித் திரவத்தைக் கொதிக்க வைத்துப் பார்த்தோம். ஸ்டோரில் இருந்த ஹெக்சேன் 63 டிகிரியில் கொதிக்க ஆரம்பித்து, பாதி வற்றுவதற்குள் 66-க்கு மேல் ஏறியது. தனித் திரவம் என்றால் கொதிநிலை ஆடாமல் நிற்க வேண்டும். லேபிளைப் படித்தால் "ஹெக்சேன் பின்னம்" என்று இருந்தது. பெட்ரோலியத்திலிருந்து வடித்தது, கிளைச் சங்கிலி உள்ள சகோதரர்கள் எல்லாம் கூட இருப்பார்கள். அதைக் கண்ணாடி கழுவ ஒதுக்கிவிட்டு, நார்மல் ஹெக்சேன் என்று குறிப்பிட்டு வேறு வாங்கினோம்.

புதியது 67.1-ல் ஆடாமல் நின்றது. ஆனால் என் கணக்கு 68.6 என்றது. மறுபடியும் ஹெக்சேன் மேல்தான் சந்தேகம் வந்தது. ஹெப்டேனையும் வைத்துப் பார்த்தபோது அதுவும் 98.3 வர வேண்டிய இடத்தில் 96.7-ல் நின்றது. இரண்டு வேறு பாட்டில், இரண்டு வேறு திரவம், இரண்டுமே ஒன்றரை டிகிரி கீழே. அழுக்கு என்றால் இப்படி ஒரே அளவில் இரண்டையும் இழுக்காது. அப்படியானால் நான் கணக்கில் போட்ட அழுத்தம்தான் தப்பு.

அந்த அழுத்தத்தை எங்கிருந்து எடுத்தேன்? செல்போன் வானிலைச் செயலியிலிருந்து. 1009 ஹெக்டோபாஸ்கல், அதாவது 757 மி.மீ. பாதரசம். செயலி காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் அழுத்தம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இயற்பியல் துறையில் சுவரில் தொங்கும் ஃபோர்ட்டின் பாரோமீட்டரைப் போய்ப் படித்தோம். 725.3 காட்டியது, 28 டிகிரி வெப்பத்துக்காக 3.3 கழித்தால் 722. அந்த 722-ஐப் போட்டால் ஹெக்சேனுக்கு 67.1, ஹெப்டேனுக்கு 96.7. இரண்டும் அப்படியே உட்கார்ந்தன. சென்னையில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் செயலியின் எண்ணே போதுமாக இருந்திருக்கும், இந்தப் பிழை கண்ணில் பட்டே இருக்காது.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த அழுத்தப் பிழை ஆவியின் கலவையை அசைக்கவே இல்லை. பாதிக்குப் பாதிக்கு 757 போட்டால் y 0.714, 722 போட்டால் 0.715. கொதிநிலை மட்டும் 80.4-லிருந்து 78.8-க்கு இறங்குகிறது. y-ஐத் தீர்மானிப்பது P1-க்கும் P2-க்கும் உள்ள விகிதம். ஒன்றரை டிகிரியில் அது பெரிதாக மாறாது. 25 டிகிரிக்கும் 79 டிகிரிக்கும் நடுவே மாறும், 3.3-லிருந்து 2.5-க்கு இறங்கும். அதனால்தான் மேசை மேல் 0.77 இருந்தது, கொதிக்கும்போது 0.715 ஆகிறது.

முதல் ஓட்டம்: கூடுதலாக வந்தது

பாதிக்குப் பாதிக் கலவையை ஊற்றினோம். 722 மி.மீ.யில் கணக்கு இப்படி: 78.8 டிகிரியில் தனி ஹெக்சேன் 1032, தனி ஹெப்டேன் 412. பாதி பாதி எடுத்தால் 516-ம் 206-ம், கூட்டினால் 722. ஹெக்சேன் பங்கு 516-ஐ 722-ஆல் வகுக்க, 0.715. கிண்ணத்துத் துளிக்கு ஒளிவிலகல் எண் 1.3763 வர வேண்டும்.

வந்தது 1.3754. அளவுக்கோட்டில் பார்த்தால் 0.78. திரும்பத் திரும்ப மூன்று முறை அளந்தோம், மாறவில்லை. பக்கக் குழாய் வாயருகே இருந்த வெப்பமானியும் 76.6 மட்டுமே காட்டியது.

"ஆவில ஹெக்சேன் நெறய வந்திருக்கு, நல்லதுதானே மேடம்" என்றாள் ஒருத்தி. பிரித்தெடுக்க வேண்டும் என்றால் நல்லதுதான். நாங்கள் அளக்க வந்தவர்கள். எங்கே போய் இது கூடியது என்று கழுத்தைப் பார்த்தோம். வெளிச்சத்துக்கு எதிரே சாய்ந்து பார்த்தால் குடுவையின் கழுத்து உள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, சன்னமான கோடுகளாகத் திரவம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆவி உறிஞ்சும் பெட்டியின் மின்விசிறி அந்தக் கழுத்தைக் குளிர வைத்துக்கொண்டே இருந்தது. குடுவையிலிருந்து எழுந்த ஆவி சுவரில் பட்டுக் கொஞ்சம் திரவமாகிறது, அதில் ஹெப்டேன் கூடுதலாகத் திரும்பி இறங்குகிறது. மீதி ஆவி ஹெக்சேன் கூடி மேலே போகிறது. ஒரு முறை நடக்க வேண்டிய சமநிலை, கழுத்திலேயே இன்னொரு முறை பாதி நடந்துவிடுகிறது. வடிகோபுரங்களில் தட்டு தட்டாக வைத்து வேண்டுமென்றே செய்வதை எங்கள் கழுத்து கேட்காமலே செய்துகொண்டிருந்தது.

வெப்பமானியும் அதையேதான் சொல்லியிருக்கிறது, நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. ரௌல்ட் விதியைத் திருப்பிப் போட்டு, 0.78 ஹெக்சேன் உள்ள ஆவி 722 மி.மீ.யில் எந்த வெப்பநிலையில் திரவமாகத் தொடங்கும் என்று பார்த்தால் 76.6-தான் வருகிறது. ஒளிவிலகல்மானியும் வெப்பமானியும் தனித்தனியாக ஒரே ஆவியைக் காட்டின. சுவரில் ஒழுகலைக் கண்ணால் பார்க்க முடியாத கருவி என்றால் இந்த ஒப்பீடுதான் துப்பு: ஆவியின் வெப்பநிலை, குடுவைக் கலவையின் கொதிநிலையைவிடக் கீழே இருந்தால், நடுவில் எங்கோ குளிர்ந்து பிரிகிறது.

இரண்டாவது ஓட்டம்: குறைவாக வந்தது

கழுத்து குளிர்கிறது என்றால் சூட்டைக் கூட்டினால் போயிற்று என்று ரெகுலேட்டரைத் திருப்பினேன். அது என் தவறான அவசரம். குடுவை குமுறிக் கொதித்தது, கிண்ணம் சடசடவென்று நிறைந்தது. துளி 1.3770 காட்டியது, ஏறக்குறைய 0.66. இப்போது கணக்கைவிடக் கீழே.

கீழே போக ஒரே வழிதான் தெரிந்தது: ஆவியாகாத திரவமே துளித்துளியாகத் தெறித்து ஆவியோடு போகிறது. இதை உறுதி செய்ய எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன் ஒரு வழி சொன்னார். குடுவையில் ஒரு சிட்டிகை சூடான் சிவப்புச் சாயம் போட்டார். அந்தச் சாயம் ஹெக்சேனில் கரையும், ஆனால் அதோடு ஆவியாகாது. ஆவி மட்டும் போனால் கிண்ணத்தில் நிறமே இருக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் கிண்ணத்துத் திரவம் இளஞ்சிவப்பாக மாறியது. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் நன்றாகத் தெரிந்தது. சூட்டைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் காலி செய்து பார்த்தோம். இரண்டு விநாடிக்கு ஒரு துளி என்ற வேகத்தில் கிண்ணம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

ஆக எங்கள் கருவியில் இரண்டு எதிர்ப் பிழைகள் இருந்தன. மெதுவாகக் கொதித்தால் கழுத்து குளிர்ந்து y மேலே போகும், வேகமாகக் கொதித்தால் தெறித்து y கீழே போகும். சூட்டைத் திருகித் திருகி நடுவில் எங்காவது 0.715-ஐ வரவழைத்திருக்கலாம். அப்படி வரும் 0.715-க்கு ஒரு மதிப்பும் இல்லை, இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்திருக்கும், அவ்வளவுதான். இதை மாணவர்களிடம் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் அவர்களில் இருவர் அதைத்தான் செய்யத் தொடங்கியிருந்தார்கள்.

சரிசெய்தது

வேகத்தை இரண்டு விநாடிக்கு ஒரு துளியில் நிறுத்திவிட்டு, கழுத்தை மட்டும் சூடாக வைக்க வேண்டும். குடுவையின் தோளிலிருந்து பக்கக் குழாய் குளிர்விப்பானுக்குள் நுழையும் இடம் வரை இரண்டு விரல் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தாள் சுற்றினோம். பஞ்சைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, தோலில் குத்தி அரிக்கும். கழுத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் மூடாமல் ஜன்னல் போல விட்டு, அதன் மேல் எடுத்து மாட்டும் ஒரு பஞ்சுத் துண்டு வைத்தோம். அவ்வப்போது அதை எடுத்து, சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். பெட்டியின் காற்று நேராக அடிக்காதபடி முன்னால் ஒரு அட்டை.

ஓட்டத்தை ஆரம்பிக்கும்போது பீங்கான் துண்டுகளைப் புதிதாகப் போட வேண்டும். ஒரு தடவை கொதித்து ஆறிய துண்டில் திரவம் ஊறிவிடும், அடுத்த தடவை குமிழி எழாது, திடீரென்று பொங்கும். கொதிக்கும் திரவத்தில் போடவும் கூடாது.

கிண்ணம் ஒரு தடவை முழுக்க மாற எட்டு நிமிடம் ஆகும் என்று துளிகளை எண்ணிக் கணக்கிட்டோம். ஐந்து தடவையாவது மாறட்டும் என்று நாற்பது நிமிடம் விட்டோம். வெப்பமானி 78-ஐத் தாண்டி, 79.0-ல் நின்றது. பத்து நிமிடம் அசையவில்லை. சூட்டை அணைத்து, கொதி அடங்கியதும் கிண்ணத்திலிருந்தும் குடுவையிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து உடனே மூடினோம்.

கிண்ணம்: 1.3763. அளவுக்கோட்டில் 0.71.

குடுவை: 1.3792. அளவுக்கோட்டில் 0.49.

குடுவையில் 0.50 ஊற்றினோமே, ஏன் 0.49? கிண்ணத்தில் 5 மி.லி. ஹெக்சேன் கூடிய திரவம் தேங்கியிருக்கிறது. அந்த ஹெக்சேன் குடுவையிலிருந்து போனதுதான். நாங்கள் ஊற்றியது மொத்தம் ஒரு மோல், கிண்ணத்தில் இருப்பது 0.036 மோல். கழித்துப் பார்த்தால் குடுவையில் 0.492 வர வேண்டும், அளந்ததும் அதுதான். 0.492-க்கு ரௌல்ட் விதி சொல்லும் கொதிநிலை 79.1, ஆவியின் கலவை 0.708. ஊற்றியதை வைத்து 78.8 என்றும் 0.715 என்றும் ஒப்பிட்டிருந்தால் சின்னதாக ஒரு வித்தியாசம் தெரிந்து, நல்லியல்பு இல்லை என்று தப்பாகச் சொல்லியிருப்போம். ஊற்றிய எண்ணை நம்பக் கூடாது, முடிவில் குடுவையில் இருப்பதை அளக்க வேண்டும். எங்கள் ஒளிவிலகல்மானியின் துல்லியத்தில் 0.71-க்கும் 0.708-க்கும் வித்தியாசம் இல்லை.

அடுத்த இரண்டு நாளில் வேறு இரண்டு கலவைகள். குடுவையில் 0.25 இருக்கும்போது கணக்கு 86.7 டிகிரியும் 0.448-ம் சொல்கிறது, கிண்ணம் 0.45 தந்தது. 0.75-க்கு 72.4 டிகிரியும் 0.885-ம். அதில் கிண்ணம் 0.89. முதலில் கேள்வி கேட்ட மாணவி மூன்று புள்ளிகளையும் வரைபடத்தாளில் பென்சிலால் குறித்து, x கோட்டையும் y கோட்டையும் கையாலேயே வரைந்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு லென்ஸ் வடிவம் வருகிறது. அதன் படுக்கை அகலம்தான் திரவத்துக்கும் ஆவிக்கும் உள்ள வித்தியாசம், நடுப்பகுதியில் 0.2-க்கு மேல் இருக்கிறது, முனைகளில் ஒன்றுமில்லாமல் போகிறது.

இந்த வடிகலனை அப்படியே பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு ஒரு வரம்பைச் சொல்லிவிடுகிறேன். கொதிநிலை இன்னும் விலகிய ஜோடியை, உதாரணமாகப் பென்டேனையும் ஹெப்டேனையும் எடுத்தால், குளிர்ந்த கிண்ணத்துத் திரவம் சூடான குடுவையில் விழும்போது அங்கேயே பளிச்சென்று ஆவியாகும். அந்த ஆவி குடுவைத் திரவத்தோடு சமநிலைக்கு வராமலே மேலே போய்விடும், y மறுபடியும் கூடுதலாக வரும். அதற்குத் திரும்பும் திரவத்தை முன்கூட்டியே சூடாக்கிக் கலக்கும் ஏற்பாடு வேண்டும். கண்ணாடி ஊதுபவரிடம் அதற்கான வரைபடத்தைக் கொடுத்திருக்கிறோம். திரும்பும் குழாய், குடுவைத் திரவத்தின் அடிவரை இறங்க வேண்டும் என்று சொன்னதும், "கொதிக்கிற எடத்துல கொண்டுபோய் விடணுமா, அப்போ குழாய் வாயைச் சின்னதா வெச்சுத் தர்றேன், ஆவி ஏறி வராது" என்றார்.